கூரை ஒழுகுகிறது, ஓனர் வரவில்லை: கடிதத்தில் என்ன எழுதுவது?

சென்னையில் தனி வீடு ஒன்றின் மேல்மாடியை எடுத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, 720 சதுர அடி, மாத வாடகை 18,000 ரூபாய். கீழ்த்தளம் பூட்டியிருக்கிறது, ஓனர் வேறு ஊரில் இருக்கிறார். அக்டோபர் 14 அன்று பெய்த மழையில் சின்ன அறையின் கூரையில், ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில், ஈரம் ஊறத் தொடங்குகிறது. வாடகைக்கு இருப்பவர் அன்றைக்கே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "ஆள் அனுப்புறேன் சார்" என்று பதில் வருகிறது. ஆள் வரவில்லை. 23ஆம் தேதி மறுபடி நினைவூட்டினால், "மழை நிக்கட்டும், பார்த்துக்கலாம்." நவம்பர் 2 அன்று ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுகிறது. அதன் பிறகு போன் எடுக்கப்படவில்லை. இது கற்பனைக் கணக்குதான், ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதே கதை எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது பாத்திரத்தை வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முறையாக எழுதிய ஒரு கடிதம் அது. "எப்போது சொன்னீர்கள், என்ன கேட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பின்னால் பதில் சொல்லப்போவது அந்தக் காகிதம்தான்.

பேனாவை எடுக்கும் முன் கூரையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் கடிதத்தின் பலம் இரட்டிப்பாகும். மழை பெய்தால் மட்டும் ஈரம் பரவி, வெயிலடித்த சில நாளில் காய்ந்தால், கோளாறு மொட்டை மாடியில். தட்டோடுகளின் இடுக்கில் விரிசல் விட்டிருக்கும், அல்லது மழைநீர் இறங்கும் குழாயின் வாயை இலை தழை அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். மழையே இல்லாத நாளிலும் கூரை ஈரமாக இருந்தால் மேல்வீட்டுக் குளியலறையையோ, குழாயையோ, தொட்டியையோ சந்தேகிக்க வேண்டும். நம் உதாரணத்தில் மேல்வீடு இல்லை, மழைக்கு மறுநாள்தான் ஈரம் அதிகமாகிறது. ஆக, மொட்டை மாடிதான்.

எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையும் கண்ணே சொல்லும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், கான்கிரீட்டின் வழியாகத் தண்ணீர் கொஞ்ச காலமாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழுப்புக் கறை கோடு கோடாகத் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது கான்கிரீட்டைக் கீழே தள்ளி உடைக்கிறது. துடைப்பக் கட்டையின் முனையால் தட்டிப் பார்க்கும்போது பொத்தென்று வெற்றொலி வந்தால், அந்தக் காரை இன்றோ நாளையோ விழும். அதன் அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஈரம் ஃபேன் வயரைத் தொட்டிருந்தால் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். கடிதம் எழுதுவது அதற்கு அப்புறம்தான்.

இனி, யார் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கென்று 2017இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, வீட்டு வேலைகளை ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் பங்கு பிரிக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் மட்டும் இதற்கு விலக்கு. ஒழுகும் கூரை ஓனர் பக்கத்தில்தான் வருகிறது. ஆனாலும் தன் ஒப்பந்தப் பத்திரத்தில் பழுது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. ஓனர் தன் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால், குடியிருப்பவரே வேலையை முடித்து, ஆன செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. இது புதிதாக முளைத்த உரிமையும் அல்ல. ஓனர் செய்தாக வேண்டிய பழுதை நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்து கழித்துக்கொள்ளலாம் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்லியிருக்கிறது. இரண்டிலும் ஓனருக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். அந்த வாய்ப்பைக் கொடுத்ததற்குச் சாட்சி, கடிதம்.

நம் உதாரணக் குடித்தனக்காரர் நவம்பர் 8 அன்று எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அக்டோபர் 14 முதல் சின்ன படுக்கையறையின் கூரை ஒழுகுகிறது. அன்றும் 23ஆம் தேதியும் வாட்ஸ்அப்பில் தங்களுக்குத் தெரிவித்தேன். நவம்பர் 2 அன்று சுமார் இரண்டு சதுர அடிக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. அன்று முதல் அறையைப் பூட்டி, அதன் மின்சாரத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள்களில்தான் ஈரம் அதிகமாகிறது. மாடியில் வடிகுழாய்க்குப் பக்கத்தில் தட்டோடுகள் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தேன். படங்கள் இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 15க்குள் வடிகுழாயைச் சுத்தம் செய்து, விரிசல் உள்ள இடத்தைத் தற்காலிகமாக மூடவும், தொங்கும் காரையைத் தட்டி எடுக்கவும் ஆள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். மழை ஓய்ந்ததும் ஜனவரி 20க்குள் மாடித் தளத்தையும் கூரையையும் முழுமையாகச் சரிசெய்து தர வேண்டும். அறை பயன்பாட்டில் இல்லாத காலத்துக்கு, நவம்பர் முதல், மாதம் 3,000 ரூபாய் வாடகையில் குறைத்துக்கொள்ள ஒப்புதல் தரும்படி கேட்கிறேன். தாங்கள் பதில் தரும் வரை முழு வாடகையையும் வழக்கம்போல் செலுத்துவேன்."

கடிதம் இவ்வளவுதான். இதில் கோபம் இல்லை, நீதிமன்றம் பற்றிய மிரட்டலும் இல்லை. தேதிகள் இருக்கின்றன, வேலை இன்னது என்று இருக்கிறது, கெடு இருக்கிறது. கெடு இரண்டாகப் பிரிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். "மழை நிக்கட்டும்" என்று ஓனர் சொல்வதில் உண்மையும் உண்டு. ஈரமான தளத்தின் மேல் பூசும் நீர்க்காப்புப் பூச்சு பெரும்பாலும் பிடிக்காமல் உரிந்துவிடும், தளம் நன்றாகக் காய வேண்டும். ஆனால் அடைத்த குழாயை எடுத்துவிட மழை நிற்க வேண்டியதில்லை. இன்றே முடிகிற வேலையையும் ஜனவரியில்தான் முடிகிற வேலையையும் கடிதமே பிரித்துக் காட்டிவிட்டால், அந்தச் சாக்கு எடுபடாது.

அடுத்தது, 3,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? பூட்டிய அறை 120 சதுர அடி. வீடு 720. ஆறில் ஒரு பங்கு. 18,000 ரூபாயில் ஆறில் ஒரு பங்கு 3,000. சட்டம் இப்படி ஒரு வாய்பாடு தரவில்லை. ஆனாலும் "பாதி வாடகை தள்ளுங்கள்" என்று கேட்பதைவிட, எப்படிக் கணக்குப் போட்டோம் என்று காட்டிக் கேட்டால் ஓனர் காது கொடுப்பார். அக்டோபர் 14லிருந்து கேட்காமல் அறையைப் பூட்டிய மாதத்திலிருந்து கேட்டிருப்பதும் இதனால்தான். அதுவரை அறை பயன்பட்டது. கூடுதலாக ஒரு ரூபாய் கேட்டாலும் மற்றதன் மேல் சந்தேகம் விழும்.

இந்த 3,000 வேறு, பழுதுச் செலவைக் கழிப்பது வேறு. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். முதலாவது ஒரு கோரிக்கை. ஓனர் ஒப்புக்கொண்டால் குறையும், இல்லாவிட்டால் அதிகாரி முன்னால் போய்க் கேட்க வேண்டும். தானாகக் குறைத்துக்கொண்டால் அது பாக்கியாகவே எழுதப்படும். இரண்டாவது, நோட்டீஸ் கொடுத்தும் ஓனர் செய்யாதபோது சட்டம் தரும் உரிமை. கொத்தனார் 27,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்து, குடியிருப்பவர் வேலையை முடித்தால், மாதம் 9,000க்கு மேல் கழிக்க முடியாது. 9,000 வீதம் மூன்று மாதத்தில் கணக்கு தீரும். அதுவரை பணம் அவர் கையிலிருந்து போயிருக்கும், இடையில் காலி செய்தால் மீதியை வாங்குவது பெரும்பாடு. ஆகவே இரண்டு கொத்தனார்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை ஓனருக்கு அனுப்பி, ரசீதோடு வங்கி வழியாகப் பணம் கொடுத்த பிறகே கழிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த வழி சரிப்படாது. அங்கே மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. குடியிருப்பவர் கொத்தனாரை மாடியேற்ற முடியாது. சங்கத்தோடு பேச வேண்டியவர் ஓனர்தான், கடிதமும் அவருக்கே போக வேண்டும்.

வாடகையை மொத்தமாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. இரண்டு மாத வாடகைப் பாக்கி, காலி செய்யச் சொல்ல ஓனருக்குச் சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. கூரை ஒழுகிய வழக்கு ஒரே மாதத்தில் வாடகை கொடுக்காதவர் மேல் போட்ட வழக்காக மாறிவிடும்.

கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்ட்டரில் பதிவு செய்து, சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். ரசீதையும் கடிதத்தின் கையெழுத்திட்ட நகலையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டால் போதும்.

கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். அங்கே முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதே. பதினோரு மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாமல் முத்திரைத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போய், எழுதிக் கேட்டும் ஓனர் மறுத்தால், பதினைந்து நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

பெரும்பாலும் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. கடிதம் கைக்குக் கிடைத்ததும் போன் வரும், "சரி சார், மூவாயிரம் குறைச்சுக்கோங்க" என்பார் ஓனர். அன்று மாலையே அதை ஒரு குறுஞ்செய்தியாக அவருக்குத் திருப்பி அனுப்பி, "ஆமாம்" என்ற பதிலை வாங்கிவிட வேண்டும். அந்த மாத ரசீதில் "வாடகை 18,000, அறை பயன்பாட்டில் இல்லாததால் ஒப்புக்கொண்டு குறைத்தது 3,000, பெற்றது 15,000" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது இன்னும் நல்லது. வெறும் 15,000 என்று மட்டும் ரசீது இருந்தால், பிறகு அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளில் அந்த 3,000 பாக்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.