ஒரு புள்ளி, நாற்பத்தைந்து லட்சம்

அடுக்ககச் சங்கம் ஒன்றின் பொதுக்குழு. வங்கி வைப்பில் ஒரு கோடியே ஐந்து லட்சம் இருப்பதாகப் பொருளாளர் சொல்கிறார். நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர், கேட்ட வேகத்தில் '1.5 கோடி' என்று எழுதிவிடுகிறார். அது ஒன்றரைக் கோடி. சொன்னது 1.05 கோடி. ஒரு பூஜ்யம் விடுபட்டதில் 45 லட்சம் ரூபாய் ஏட்டில் கூடிவிட்டது.

அதனால் தீர்மானத்தில் புள்ளி வைத்த கோடியே வேண்டாம். முழு எண்ணாக எழுத வேண்டும். வலது ஓரத்தில் மூன்று இலக்கம், அதன்பின் இடப்பக்கமாக இரண்டிரண்டாகக் காற்புள்ளி. ஒரு கோடியே ஐந்து லட்சத்து ஏழாயிரத்து ஐம்பது என்றால் ரூ.1,05,07,050. காதில் விழாத பூஜ்யங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஐந்து லட்சம் '05' ஆகவும், ஏழாயிரம் '07' ஆகவும், ஐம்பது '050' ஆகவும் நிற்கின்றன. கோடிக்கு வலப்புறம் ஏழு இலக்கங்கள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் தவறு உடனே தெரியும்.

கணினியிலிருந்து எடுத்து ஒட்டும்போது இதே தொகை சில நேரம் 10,507,050 என்று வரும். அது மில்லியன் கணக்கில் பிரித்தது. அப்படியே விட்டால் ஒரே குறிப்பில் இரண்டு முறைகள் கலந்துவிடும். காற்புள்ளிகளை மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும். தொகைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதி, 'மட்டும்' என்று முடிப்பது நல்லது. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையையே 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஏற்கிறது.

தேதியிலும் புள்ளிதான் குழப்புகிறது. 08.06.2025 என்பது நமக்கு ஜூன் 8. அமெரிக்க வழக்கில் பழகியவருக்கு ஆகஸ்ட் 6. முதல் வரியில் '2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை' என்று மாதப் பெயரோடு எழுதிவிட்டால், பிறகு வரும் தேதிகளை நாள், மாதம், ஆண்டு என்ற அதே வரிசையில் எண்ணால் எழுதலாம். 'வருகிற 15ஆம் தேதி' என்று எழுதினால், ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு எந்த மாதம் என்று தெரியாது.

நேரத்தை 'காலை 10.30 மணி' என்று எழுதுவது சரி. ஆனால் கூட்டம் '1.30 மணி நேரம்' நடந்தது என்றால், ஒன்றரை மணி நேரமா, பிற்பகல் ஒன்றரை மணியா என்ற ஐயம் வரும். அதை '1 மணி 30 நிமிடம்' என்று எழுதுங்கள். 'இரவு 12 மணி' எந்தத் தேதியைச் சேர்ந்தது என்பதும் தகராறுக்கு இடம் தரும். கடைசி நேரத்தை 'இரவு 11.59' என்று குறித்தால் சந்தேகம் இல்லை.

கையெழுத்துக்கு முன் எல்லாத் தொகைகளையும் ஒருவர் எண்ணைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கட்டும். மற்றவர் எழுத்தில் உள்ளதோடு ஒப்பிடட்டும்.