43 பேரை 360 பாகைக்குள் அடக்குவது எப்படி?

வட்ட விளக்கப்படம் வரையும் பலருக்கும் கடைசித் துண்டில்தான் சிக்கல் வரும். கணக்கில் 25 பாகை வந்திருக்கும், தாளில் 22 பாகைக்குத்தான் இடம் மிஞ்சியிருக்கும். கடைசித் துண்டைச் சரியாக அளக்கவில்லை என்று நினைப்போம். உண்மையில் முன்னால் வரைந்த ஒவ்வொரு துண்டிலும் நேர்ந்த சிறு பிசகுகள் எல்லாம் சேர்ந்து அங்கே வந்து நிற்கின்றன. அவை அப்படிச் சேராமல் வரைய ஒரு வழி இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டோடு அதைப் பார்ப்போம்.

ஒரு வகுப்பில் 43 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று கேட்டதில் சைக்கிளில் 14 பேர், நடந்து 11 பேர், பேருந்தில் 9 பேர், பெற்றோரின் பைக்கில் 6 பேர், ஆட்டோவில் 3 பேர். இதுதான் நிகழ்வெண் பட்டியல். கணக்கைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 43 வராவிட்டால் யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள், அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் வட்டத்துக்குப் போகக் கூடாது.

கோணக் கணக்கு

மொத்த வட்டம் 360 பாகை, அது 43 பேருக்கும் பொது. ஒரு பிரிவின் மையக்கோணம் வேண்டுமென்றால் அதன் நிகழ்வெண்ணை 360ஆல் பெருக்கி, பிறகு மொத்தத்தால் வகுக்க வேண்டும். சைக்கிளுக்கு 14 × 360 ÷ 43 = 117.21 பாகை.

பெருக்கலை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. 360ஐ 43ஆல் முதலில் வகுத்தால் ஒருவருக்கு 8.37 பாகை வரும். சுலபமாக இருக்கட்டும் என்று அதை 8 ஆக்கிவிட்டால் 43 பேருக்கும் சேர்த்து 344 பாகைதான் வரும், 16 பாகை காணாமல் போகும். சதவீதத்துக்கு மாற்றிவிட்டுக் கோணம் காண்பதும் இப்படித்தான் காலை வாரும். 14 பேர் என்பது 32.56 சதவீதம். அதை 33 ஆக்கி 3.6ஆல் பெருக்கினால் 118.8, அதாவது 119 பாகை. இரண்டு முறை முழுமையாக்கியதால் இரண்டு பாகை கூடிவிட்டது.

இப்போது ஐந்து கோணங்களையும் முழு எண்ணாக்கினால் 117, 92, 75, 50, 25 என்று வரும். கூட்டிப் பாருங்கள்: 359. ஒவ்வொன்றும் சரியாகவே முழுமையாக்கப்பட்டது, ஆனாலும் ஒரு பாகை குறைகிறது. ஐந்திலும் வெட்டப்பட்ட சின்னச் சின்னப் பின்னங்கள் சேர்ந்தால் சரியாக ஒரு பாகை ஆகிறது.

இதைத் தவிர்க்க, தனித்தனிக் கோணத்தை விட்டுவிட்டுக் குவிவு நிகழ்வெண்ணுக்குக் கோணம் காண வேண்டும். அதாவது, ஒவ்வொரு துண்டும் வட்டத்தில் எங்கே முடிகிறது என்று கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் முழுமையாக்க வேண்டும்.

| வரும் வழி | மாணவர் | குவிவு | கோடு விழும் இடம் | துண்டின் கோணம் |
|---|---|---|---|---|
| சைக்கிள் | 14 | 14 | 117.21 → 117° | 117° |
| நடை | 11 | 25 | 209.30 → 209° | 92° |
| பேருந்து | 9 | 34 | 284.65 → 285° | 76° |
| பைக் | 6 | 40 | 334.88 → 335° | 50° |
| ஆட்டோ | 3 | 43 | 360° | 25° |

கடைசிக் கோடு 360இல்தான் விழும், அது பிசக வழியே இல்லை. குறைந்த ஒரு பாகை பேருந்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 75.35 என்ற அதன் கோணத்தில்தான் வெட்டப்பட்ட பின்னம் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆகவே அது நியாயமான இடத்துக்கே போயிருக்கிறது.

தாளில் வரைவது

கவராயத்தால் 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையுங்கள். இந்த அளவில் ஒரு பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய 0.9 மி.மீ. வட்டத்தை 3 செ.மீ. ஆரத்துக்குச் சுருக்கினால் அதுவே அரை மில்லிமீட்டர்தான், பென்சில் கோட்டின் தடிமனே ஒரு பாகையை விழுங்கிவிடும். பென்சிலைக் கூராகச் சீவிக்கொள்ளுங்கள்.

மையத்தின் வழியாக மேலிருந்து கீழாக ஒரு விட்டத்தை லேசாக வரையுங்கள். மேல் முனைதான் 0. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் போகப் போகிறோம். கோணமானியை அதன் வளைவு வலப்பக்கம் இருக்கும்படி விட்டத்தின் மேல் வையுங்கள். கோணமானியின் மையக்குறி வட்டத்தின் மையத்திலும், 0–180 கோடு விட்டத்தின் மீதும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் அடி விளிம்பைக் கோட்டோடு சேர்த்து வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பெரும்பாலான கோணமானிகளில் 0–180 கோடு அந்த விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும்.

கோணமானியில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு வரிசை எண்கள் உண்டு. எந்த வரிசைக்கு மேல் முனையில் 0 இருக்கிறதோ அதையே படியுங்கள். அதில் 117க்கு நேராகப் புள்ளி வைத்து மையத்தோடு இணைத்தால் சைக்கிள் துண்டு கிடைத்துவிடும். வரிசை மாறிப் படித்தால் புள்ளி 63இல் விழும். 14 பேர் என்பது 43இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்தத் துண்டு கால் வட்டத்தைவிடச் சிறியதாகத் தெரிந்தால் வரிசை மாறிவிட்டது என்று அப்போதே புரிந்துவிடும்.

மீதிக் கோடுகள் எல்லாம் 180ஐத் தாண்டியவை. கோணமானியை மறுபக்கம் திருப்பி, வளைவு இடப்பக்கம் இருக்கும்படி அதே விட்டத்தின் மேல் வையுங்கள். இப்போது கீழ் முனையை 0 ஆகக் கொண்ட வரிசையைப் படிக்க வேண்டும். 209இலிருந்து 180ஐக் கழித்தால் 29, 285க்கு 105, 335க்கு 155. கோணமானியை அசைக்காமல் இந்த மூன்று புள்ளிகளையும் ஒரே வைப்பில் குறித்துவிடலாம். ஒவ்வொரு துண்டுக்கும் முந்தைய கோட்டின் மேல் கோணமானியை நகர்த்தி வைத்தால், ஒவ்வொரு முறையும் அரைப் பாகை, ஒரு பாகை என்று விலகல் ஏறிக்கொண்டே போகும். இங்கே எல்லாக் கோடும் ஒரே விட்டத்திலிருந்து அளக்கப்படுவதால் ஒன்றின் பிசகு அடுத்ததைத் தொடாது. புள்ளிகளை மையத்தோடு இணைத்த பிறகு விட்டத்தின் கீழ்ப் பாதியை அழித்துவிடுங்கள்.

சரிபார்க்க, பேருந்துத் துண்டை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். 76 வர வேண்டும். 75 அல்லது 77 வந்தால் பென்சில் கோட்டின் தடிமன் என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் விலகினால் மையக்குறி நகர்ந்திருக்கிறது, மீண்டும் வையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு துண்டிலும் பெயரோடு மாணவர் எண்ணிக்கையையும் எழுதுங்கள். தலைப்பில் மொத்தம் 43 என்று குறிப்பிடுங்கள். கோணத்தை மட்டும் பார்த்து 9 பேரா 10 பேரா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதோடு, ஒரே மாணவர் பாதி வழி சைக்கிள், பாதி வழி பேருந்து என்று இரண்டு விடை சொல்லியிருந்தால், விடைகளின் கூட்டுத்தொகை மாணவர் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். அந்தப் பட்டியலுக்கு வட்டம் வேண்டாம், பட்டை வரைபடம் போடுங்கள்.