ஓரத்தில் மின்னும் 60

ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2020இல் எம்1 சிப் வந்ததிலிருந்து, கணக்குப் பார்க்கும் பகுதியும் படம் வரையும் பகுதியும் ஒரே சிப்பில், ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. அதில் கேம் ஓடுவதைக் காட்டும் வீடியோக்களில், திரையின் ஓரத்தில் 60 என்ற எண் மின்னும். நொடிக்கு 60 படங்கள். வாங்க நினைப்பவர் அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது.

முதலில், ஓடுவது இந்தச் சிப்புக்காகவே எழுதிய கேம்தானா? ‘ஷேடோ ஆஃப் த டூம் ரைடர்’ இன்டெல் மேக்குக்காக வந்தது. எம் சிப்பில் ரொசெட்டா என்ற மென்பொருள் அதை மாற்றிக்கொடுத்து ஓட்டுகிறது. அதை வைத்துச் சிப்பை எடைபோடுவது நியாயமில்லை. 2022இல் மேக்குக்கு வந்த ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ நேரடியாகவே ஓடும். கேமின் Get Info பெட்டியில் Kind என்ற வரி இதைச் சொல்லிவிடும்.

அடுத்தது அளவீடு. டெர்மினலில் இதை அடித்துவிட்டு கேமைத் திறந்தால், வேகமும் ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரமும் திரையிலேயே தெரியும். ஸ்டீம் வழியாக ஆடுபவர்கள் ஸ்டீமை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

```
launchctl setenv MTL_HUD_ENABLED 1
```

வேகத்தைவிட அந்த நேரம்தான் முக்கியம். நொடிக்கு 60 என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லிநொடி. நடுவில் ஒரே ஒரு படம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும், அந்த நொடியின் கணக்கு 55 என்றே வரும். எண்ணைப் பார்த்தால் குறையே தெரியாது. ஆடுபவருக்கோ, பேய் பாயும் நேரத்தில் திரை சட்டென்று திக்கும்.

இந்தத் திக்கலுக்கு மெமரி ஒரு காரணமாக இருக்கலாம். 8 ஜிபி என்றால் அதில் இயங்குதளம், பிரவுசர், கேம், அதன் படங்கள் எல்லாமே அடங்கியாக வேண்டும். இடம் போதாதபோது சில தகவல்கள் எஸ்எஸ்டிக்குப் போய்த் திரும்பும். Activity Monitorஇல் Swap Used ஆட ஆட ஏறினால் இதுதான் நடக்கிறது. டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்ததும் திக்கல் நின்றால், சந்தேகம் உறுதி. அதற்கு மாறாக, ரெசல்யூஷனைக் குறைத்ததும் வேகம் ஏறினால், திணறியது படம் வரையும் பகுதி. ‘சைபர்பங்க் 2077’ தன் மேக் பதிப்புக்குக் குறைந்தது 16 ஜிபி கேட்பது சும்மா இல்லை.

ரெசல்யூஷனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெட்டல்எஃப்எக்ஸ் வசதி, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கித் தருகிறது. அது ஓடும்போது கிடைத்த 60ஐ, அது இல்லாத 60உடன் ஒப்பிடக் கூடாது.

கடைசியில் வெப்பம். ஏரில் ஃபேன் இல்லை. சூடேறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சேமித்து வைத்த ஒரே இடத்தைத் தொடக்கத்தில் ஒருமுறையும், அரை மணி நேரம் ஆடிய பிறகு மறுமுறையும் ஓட்டி அளக்க வேண்டும். இரண்டாவது எண்தான் உண்மையானது. அது வெகுவாக இறங்கியிருந்தால், கேமின் அமைப்பில் வேகத்துக்கு 30 என்று வரம்பு வைத்து மீண்டும் அளந்து பார்க்கலாம்.