டெல்டா–ஸ்டார் நிலைமாற்றியும் புவித் தவறும்

மடுல்கெல்ல போன்ற மலைநாட்டுக் கிராமங்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் 33 கிலோவோல்ற்றுக் கம்பிகளில் வருகிறது. அங்குள்ள நிலைமாற்றி அதை 400 வோல்ற்றாகக் குறைக்கிறது. அதன் முதற்சுருள்கள் மூன்றும் டெல்டாவாகவும், துணைச்சுருள்கள் மூன்றும் ஸ்டாராகவும் இணைக்கப்பட்டிருக்கும். ஸ்டாரின் நடுப்புள்ளியாகிய நொதுமல் புவியிடப்பட்டிருக்கும். டெல்டாவில் நொதுமல் இல்லை.

சிவப்பு அவத்தைக் கம்பி புவியைத் தொடுகிறது எனக் கொள்வோம். தவறு மின்னோட்டம் 429 அம்பியர். அது புவி வழியே நொதுமலுக்குத் திரும்புகிறது. மற்ற இரு அவத்தைகளிலும் உள்ள சுமை மின்னோட்டத்தைப் புறக்கணிப்போம். அப்போது மூன்று துணைச்சுருள்களிலும் முறையே 429, 0, 0 அம்பியர் பாயும். இதனை இரு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதற் பகுதி: 143, 143, 143
இரண்டாம் பகுதி: 286, −143, −143

இரண்டாம் பகுதியின் கூட்டுத்தொகை பூச்சியம். முதற் பகுதியில் மூன்றும் சமம். ஒரே கணத்தில் ஒரே திசையில் பாய்பவை. இதுவே பூச்சியத் தொடர் மின்னோட்டம். இவை ஒன்றையொன்று ஈடுசெய்யாததால், இவற்றுக்கு நொதுமலும் புவியுமே திரும்பும் பாதை.

இனி முதற்சுருளைப் பார்ப்போம். ஒரு சுருளின் அழுத்த விகிதம் 33 000 : 231, அதாவது ஏறத்தாழ 143 : 1. எனவே பூச்சியத் தொடர் மின்னோட்டத்தைச் சமன்செய்ய ஒவ்வொரு முதற்சுருளிலும் 1 அம்பியர் பாய வேண்டும். அது டெல்டாவுக்குள்ளேயே சுற்றிவரும். ஏனெனில் வெளிக்கம்பியின் மின்னோட்டம் அடுத்தடுத்த இரு சுருள்களின் மின்னோட்டங்களின் வித்தியாசமாகும்: 1 − 1 = 0.

இரு பகுதிகளையும் சேர்த்தால், தவறுற்ற அவத்தைக்குரிய முதற்சுருளில் மட்டும் 3 அம்பியர் இருக்கும். அது ஒரு 33 கிலோவோல்ற்றுக் கம்பியால் வந்து மற்றொன்றால் திரும்பும். மூன்று கம்பிகளின் கூட்டுத்தொகை +3 − 3 + 0 = 0. ஆகவே கிறிட் உபநிலையத்தில் 33 கிலோவோல்ற்றுக் கம்பிகளைக் காக்கும் புவித் தவறு அஞ்சலி, கிராமத்தில் நிகழும் இத்தவறை உணராது.

மாறாக, 33 கிலோவோல்ற்றுக் கம்பியே அறுந்து நிலத்தில் விழுந்தால்? கிராமத்து டெல்டாவில் புவிக்கான பாதை இல்லை. மின்னோட்டம் கிறிட் உபநிலையத்திலுள்ள புவியிடல் நிலைமாற்றியின் நொதுமலுக்கே திரும்பும். அப்போது அந்த அஞ்சலி இயங்கும்.

கவனிக்க: ஒரு வீட்டில் உயிர்க்கம்பி உலோக உறையைத் தொட, வீட்டுப் புவிக்கோலின் தடையும் நிலைமாற்றிப் புவியிடலின் தடையும் சேர்ந்து 23 ஓம் எனின், மின்னோட்டம் 230 ÷ 23 = 10 அம்பியரே. 30 அம்பியர் உருகி உருகாது. மேலே 33 கிலோவோல்ற்றுப் பக்கத்தில் இது 0.07 அம்பியர் மட்டுமே. உறையோ உயிருள்ளதாகவே இருக்கும். இதனைத் துண்டிப்பது, 0.03 அம்பியர் வித்தியாசத்தில் இயங்கும் வீட்டு ட்ரிப் சுவிட்சாகும்.

பயிற்சி: தவறு மின்னோட்டம் 858 அம்பியர் எனின், டெல்டாவில் சுற்றும் பூச்சியத் தொடர் மின்னோட்டம் யாது?
விடை: 858 ÷ 3 ÷ 143 = 2 அம்பியர்.