கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைப் பாதுகாப்பாகக் கூட்டும் முறை

கிராபிக்ஸ் கார்டில் உள்ள சிப், நொடிக்குப் பல கோடி முறை அடிக்கும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள நேரத்தில் கணக்கின் ஒரு படி முடிந்துவிட வேண்டும். துடிப்பை வேகப்படுத்தினால் அந்த இடைவெளி சுருங்கும். ஓர் எல்லைக்கு மேல் சுருங்கும்போது, விடை தயாராவதற்கு முன்பே அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. சிப் தவறான விடையோடு மேலே போகிறது. இந்த எல்லை ஒரே மாடலில் வந்த இரண்டு கார்டுகளுக்குள்ளும் வேறுபடும். அதனால் தயாரிப்பாளர்கள் எல்லாக் கார்டும் தாங்கும்படி வேகத்தைச் சற்றுக் குறைத்தே நிர்ணயிக்கிறார்கள். அப்படி விடப்பட்ட இடைவெளியைக் கண்டறிந்து பயன்படுத்துவதுதான் ஓவர்கிளாக்கிங்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டெஸ்க்டாப் கார்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் அறிவிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 1,777 மெகாஹெர்ட்ஸ்; மின் நுகர்வு 170 வாட். ஆனால் அது எப்போதும் அதே வேகத்தில் ஓடுவதில்லை. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே 1,850-ஐயும் தாண்டும். சூடேறினால் படிப்படியாக இறங்கும். 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு வந்த ஜிபியு பூஸ்ட் என்ற ஏற்பாடு இதைச் செய்கிறது. எந்த மின்னழுத்தத்துக்கு எந்த வேகம் என்ற ஒரு வளைகோடு கார்டுக்குள் இருக்கிறது. ஓவர்கிளாக் செய்பவர் +60 என்று கொடுத்தால், வேகம் ஓரிடத்தில் நிலைத்துவிடுவதில்லை. அந்த வளைகோடு முழுவதும் 60 மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்கிறது. முன்பிருந்த அதே மின்னழுத்தத்தில் இன்னும் வேகமாக ஓடும்படி சிப்பைக் கேட்கிறோம் என்பதே இதன் பொருள்.

தொடங்கும் முன்

இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். எந்த நிறுவனத்தின் கார்டானாலும் பெரும்பாலும் இதுவே போதும். முதலில் எதையும் மாற்றாமல் யூனிஜின் சூப்பர்பொசிஷன் போன்ற ஒரு சோதனை நிரலை ஓட்டி, கிடைக்கும் மதிப்பெண், வேகம், வெப்பம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் இந்தக் குறிப்பே அடிப்படை. மாற்றம் செய்யாதபோதே வெப்பம் 80 டிகிரியைத் தாண்டினால், தூசியை அகற்றி, பெட்டிக்குள் காற்று ஓடும்படி செய்த பிறகே மேலே போகலாம்.

அடுத்து `Power Limit` கோலை அது அனுமதிக்கும் உச்சத்துக்குத் தள்ளலாம். கார்டைத் தயாரித்தவர் வகுத்த வரம்பைத் தாண்டி அந்தக் கோல் நகராது. சில மாடல்களில் 100-க்கு மேல் போகவே போகாது. ஆனால் கணினியின் பவர் சப்ளை அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்; 3060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். `Core Voltage` கோலைத் தொட வேண்டியதில்லை. அதைக் கூட்டினால் வெப்பமும் சிப்பின் தேய்மானமும் அதிகரிக்கும்; கிடைக்கும் பயனோ மிகச் சிறிது. மின்னழுத்தத்தை விட்டுவைத்தால், வேகம் எல்லை மீறும்போது நேர்வது பெரும்பாலும் நிரல் முடங்குவதோடு நின்றுவிடும்.

`Apply overclocking at system startup` என்ற தெரிவு இப்போது அணைந்திருக்க வேண்டும். கணினி முடங்கினாலும், மறுபடி தொடங்கும்போது கார்டு பழைய வேகத்துக்கே திரும்பிவிடும்.

சிப்பின் வேகம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து உயர்த்திவிட்டுக் கணினி முடங்கினால், எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. முதலில் `Core Clock`. இந்தக் கார்டு 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் வேகத்தை மாற்றும் என்பதால், தொடக்கத்தில் இரண்டிரண்டு படியாக, அதாவது +30, +60, +90 என்று ஏற்றலாம். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடச் சோதனை போதும்.

ஒரு கார்டு +120 வரை தடையின்றி ஓடி, +150-இல் முடங்குவதாகக் கொள்வோம். திரை உறைகிறது, ஒரு கணம் கறுக்கிறது, சோதனை நிரல் மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்குப் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரைத் தானே மீட்டமைப்பதால் இப்படி நிகழ்கிறது. `Event Viewer`-இல் `nvlddmkm` என்ற பெயரோடு அதன் பதிவு இருக்கும். அதற்குப் பிறகு கார்டு சில நேரம் மந்தமாகவே ஓடும் என்பதால், கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே அடுத்த சோதனை.

இப்போது ஒரே படி இறங்கி +135. அது குறுஞ்சோதனையில் தேறுகிறது. ஒரு மணி நேர விளையாட்டில் முடங்குகிறது. +120 நீண்ட சோதனையிலும் நிற்கிறது. அதிலிருந்தும் ஒரு படி குறைத்து +105-இல் நிறுத்துவதே பாதுகாப்பு. மார்கழியில் நின்ற வேகம் சித்திரை வெயிலில் நிற்காமல் போகலாம். அந்த ஒரு படி அதற்கான இடம்.

நினைவகத்தின் வேகம்

கார்டின் நினைவகத்துக்கான `Memory Clock`-ஐ 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஏற்றலாம். இங்கே தோல்வி வேறு முகம் காட்டும். திரையில் வண்ணப் புள்ளிகள், மின்னும் கட்டங்கள், சிதைந்த உருவங்கள் தோன்றினால் எல்லை கடந்தாயிற்று. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமலும் எல்லை கடந்திருக்கலாம். சில நினைவக வகைகள் பிழையைக் கண்டுபிடித்து அதே தரவை மறுபடி அனுப்பச் செய்கின்றன. படம் சுத்தமாகத் தெரியும். மறுபடி அனுப்புவதில் நேரம் வீணாகி மதிப்பெண் குறையும். ஆகவே ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைக் குறிக்க வேண்டும். +700 வரை ஏறிய மதிப்பெண் +800-இல் தேங்கி, +900-இல் இறங்கினால், +600 தகுந்த இடம்.

உறுதி செய்தல்

இரண்டு மாற்றங்களும் சேர்ந்த நிலையில் கடைசிச் சோதனை நடக்க வேண்டும். 3டிமார்க்கின் அழுத்தச் சோதனை ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 விழுக்காடாவது சீராக இருந்தால் தேர்ச்சி தருகிறது. ஃபர்மார்க் போன்ற கடுஞ்சோதனை மட்டும் போதாது. அது மின் வரம்பை உடனே முட்டுவதால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வளைகோட்டின் உச்சிப் பகுதி சோதிக்கப்படாமலே போகிறது. பிறகு இலகுவான ஒரு விளையாட்டில், வெப்பமும் மின்சாரமும் குறைவாக இருக்கும்போது, கார்டு அந்த உச்சிக்கு ஏறி அங்கே முடங்கும். எனவே கனமானது, இலகுவானது, ரே டிரேசிங் உள்ளது என்று பல வகை விளையாட்டுகளைச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்த பிறகே, அமைப்பைச் சேமித்து, தொடக்கத்திலேயே செயல்படும் தெரிவை இயக்கலாம்.

பயனை அளவோடு எதிர்பார்க்க வேண்டும். 1,850 மெகாஹெர்ட்ஸில் 105 கூட்டுவது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. விளையாட்டில் கிடைக்கும் ஏற்றம் பொதுவாக அதைவிடவும் சிறியது. தடை கணினியின் பிராசசரில் இருந்தால் ஒன்றுமே மாறாது. வெப்பத்துக்கு இடமில்லாத மடிக்கணினிகளில் இதைத் தவிர்ப்பது நல்லது. நிலைத்திருந்த அமைப்பு, டிரைவரைப் புதுப்பித்த பிறகோ புதிய விளையாட்டிலோ முடங்கினால், முதலில் கார்டைப் பழைய வேகத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். முடக்கம் நின்றால் ஒரு படி குறைக்கலாம்; நிற்காவிட்டால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.