கதவைத் திறக்கும் நேரம்

மாணவர்களே, பழைய டயரைத் திறந்த வெளியில் எரித்தால் கரும்புகைதான் வரும். காற்றுப் புகாத இரும்பு உருளையில் அடைத்து 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் எண்ணெய் கிடைக்கும். உயிர்வளி இல்லாததால் ரப்பர் எரியாது. அதன் நீண்ட மூலக்கூறுகள் உடைந்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். குளிர்ந்தும் திரவமாகாத வாயுவை உலைக்கே எரிபொருளாக்குவார்கள். அதிலுள்ள கந்தகமும் சேர்ந்து எரிவதால், புகையைச் சுத்திகரிக்காத ஆலையைச் சுற்றிக் கந்தக டைஆக்சைடு நெடி மூக்கைத் துளைக்கும்.

உலையை அணைத்த பிறகும் ஆபத்து தீராது. உருளைக்குள் கரித்தூளும் மிச்ச வாயுவும் இருக்கும். வெளிச்சுவர் ஆறியதுபோல் தெரியும். ஆனால் கரித்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் குவியலின் நடுப்பகுதி தகித்துக்கொண்டிருக்கும். அடுத்த டயர்களை ஏற்றும் அவசரத்தில் கதவைத் திறந்தால் காற்று உள்ளே பாயும், வாயுவோடு கலக்கும். சூடான கரியே தீக்குச்சி! தீப்பிழம்பு கதவருகே நிற்பவரைத்தான் முதலில் தாக்கும். ஆகவே நைட்ரஜனைச் செலுத்தி வாயுவை வெளியேற்றி, உட்புற வெப்பமானியைப் பார்த்த பிறகே தாழ்ப்பாளைத் தொட வேண்டும்.