பாட்டு இவருடையது... பெயர் இன்னொருவருடையது! திருடுபோன பாடலை இறக்கவைத்த ஒரு மெயில்

"அக்கா, உன் பாட்டு ரீல்ஸ்ல ஓடுது. ஆனா வேற யாரோ பேரு போட்டிருக்கு!"

சித்தி மகள் அனுப்பிய இந்த வாட்ஸ்அப் மெசேஜில்தான் மதுரையைச் சேர்ந்த அந்த 24 வயதுப் பெண்ணுக்கு விஷயமே தெரியவந்தது. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு பார்க்கும் இவர் ("பேரு வேண்டாமே ப்ளீஸ்!"), சொந்தமாக மெட்டமைத்து, கல்லூரித் தோழி எழுதிய வரிகளைப் பாடி, தன் படுக்கையறையிலேயே பதிவு செய்து யூடியூபில் போட்டிருந்தார். எட்டு மாதம் கழித்து அதே பாட்டு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் என எல்லாவற்றிலும் முகம் தெரியாத ஓர் ஆணின் பெயரில் இருந்தது. பாடுவது பெண் குரல் என்பதைக்கூட அந்த நபர் சட்டை செய்யவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த வாரம் வந்தது. யூடியூபில் இவருடைய சொந்த வீடியோவுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வந்துவிட்டது. திருடிய பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் அந்த நபர் சேர்த்திருக்கிறார். ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இயந்திரத்துக்கு யார் முதலில் பதிந்தார்களோ அவர்தான் உரிமையாளர். நிஜ உரிமையாளர் அதன் கண்ணுக்குத் திருடராகத் தெரிந்தார்.

"ஸ்பாட்டிஃபைக்கு எழுதணும்னுதான் முதல்ல நினைச்சேன்" என்கிறார். பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால், ஸ்பாட்டிஃபையில் நேரடியாக யாரும் பாட்டு ஏற்றிவிட முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனங்கள்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு பாட்டை எல்லா தளங்களுக்கும் அனுப்புகின்றன. 'இது என் சொந்தப் பாட்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும், பெரும்பாலும் பாட்டு கிளம்பிவிடும். அனுப்பியவர்கள் திரும்ப அழைத்தால் எல்லா தளங்களிலிருந்தும் இறங்கும். ஒரு தளத்தில் மட்டும் புகார் கொடுத்தால் அங்கே மட்டும்தான் மறையும்.

சரி, எந்த விநியோகஸ்தர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆல்பம் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் P என்ற எழுத்தோடு ஒரு வரி இருக்கும். லேபிள் பெயர் அங்கே தெரியும். சொந்த லேபிள் இல்லாதவர்களுக்கு விநியோக நிறுவனமே ஒரு பெயரைப் போட்டுவிடுவது உண்டு. உதாரணமாக, சில எண்களுக்குப் பிறகு 'Records DK' என்று முடிந்தால் அது டிஸ்ட்ரோகிட் வழியாக வந்தது. அந்த வரியில் துப்பு கிடைக்காவிட்டால், தளத்தின் காப்பிரைட் புகார்ப் படிவத்தை நிரப்பி, பாட்டை அனுப்பியது யார் என்றும் கேட்கலாம். நம் மதுரைப் பெண்ணுக்கு அந்த வரியிலேயே விடை கிடைத்துவிட்டது.

முதல் மெயிலை அன்றிரவே அனுப்பினார். இரண்டு பக்கம். தூங்காமல் பதிவு செய்தது, தோழி அழுதது, அந்த ஆள் மீது போலீஸுக்குப் போவேன் என்பது வரை எல்லாம் இருந்தது. எந்தப் பாட்டு, எந்த லிங்க் என்பது மட்டும் இல்லை. 'போதிய விவரங்கள் இல்லை' என்று நான்கு வரியில் பதில் வந்தது.

இரண்டாவது மெயில் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் அவர் அனுப்பியதன் சாரத்தைத் தமிழில் தருகிறோம்:

"பொருள்: காப்பிரைட் மீறல் - ஒரு பாடலை நீக்கக் கோருதல்.

இந்தப் பாடலின் மெட்டும் ஒலிப்பதிவும் என்னுடையவை. வரிகள் என் தோழியுடையவை. அவர் சார்பிலும் புகார் தர எனக்கு அனுமதி தந்த கடிதம் இணைப்பில் உள்ளது. நான் யூடியூபில் வெளியிட்ட லிங்க் இது. உங்கள் வாடிக்கையாளர் என் அனுமதியின்றி வெளியிட்ட பாடலின் தலைப்பு, அவர் போட்டிருக்கும் பெயர், ஒவ்வொரு தளத்தின் லிங்க், ISRC எண் ஆகியவை கீழே உள்ளன. அவர் வேகத்தைக் கூட்டியிருப்பதால் 3 நிமிடம் 42 நொடிப் பாட்டு 3 நிமிடம் 28 நொடியாகியிருக்கிறது. என் பதிவில் 2 நிமிடம் 11-வது நொடியில் பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேட்கும். அவருடையதில் அதே விசில் 2 நிமிடம் 3-வது நொடியில் கேட்கும்.

இந்தப் பயன்பாட்டுக்கு உரிமையாளரோ சட்டமோ அனுமதி தரவில்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன். இதிலுள்ள தகவல்கள் சரியானவை. உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு என்று பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு உறுதியளிக்கிறேன். பாடலை எல்லா தளங்களிலிருந்தும் நீக்கி, கன்டென்ட் ஐடி க்ளெய்மையும் விடுவிக்கவும். இதில் வந்த ராயல்டியை அவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கவும்."

கீழே முழுப்பெயர், முகவரி, போன் நம்பர். பெயரைக் கையெழுத்தாக டைப் செய்திருந்தார்.

வக்கீல் நோட்டீஸ் மாதிரி தெரியும் அந்த 'நல்லெண்ணம்', 'பொய்ச்சாட்சி' வரிகளை விட்டுவிடக் கூடாது. டி.எம்.சி.ஏ என்ற 1998-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் புகாரில் கட்டாயம் கேட்கும் வாசகங்கள் அவை. பெரிய விநியோக நிறுவனங்கள் பலவும் அமெரிக்காவில் இருப்பதால் அந்தச் சட்டப்படிதான் புகாரைப் பார்ப்பார்கள். ISRC என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 இலக்க அடையாளம். isrcsearch.ifpi.org என்ற தளத்தில் பாடல் பெயரைப் போட்டுத் தேடலாம். நம் ஊரில் பலர் கேட்கும் இன்னொரு சந்தேகம், 'காப்பிரைட் பதிவு செய்யலையே?' என்பது. தேவையில்லை. இந்தியாவின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் படைத்தவருக்கே உரிமை.

ஆதாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் தெரியும் வெளியீட்டுத் தேதி பெரிய சாட்சி அல்ல. ஏற்றுபவரே 'முன்பே வெளியான பாட்டு' என்று சொல்லி பழைய தேதியைப் போட முடியும். அந்த நபரும் ஒரு வருடம் பின்னால் போட்டிருந்தார். யூடியூபில் வெளியான தேதியைத் தளமே போடுகிறது, அதை நாம் திருத்த முடியாது. அதோடு, குரல் தனி, கீபோர்டு தனி என்று பிரிந்திருக்கும் மூல ஃபைல்கள் இவரிடம் இருந்தன. முழுப்பாட்டை டவுன்லோடு செய்தவரிடம் அவை இருக்க வாய்ப்பில்லை. அந்த நபருக்கு மெசேஜ் போட்டுச் சண்டை பிடிக்கும் முன்பே எல்லா பக்கங்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தது இவர் செய்த நல்ல காரியம். உஷாராகிவிட்டால் அழித்துவிட்டு வேறு பெயரில் ஏற்றுவார்கள்.

எல்லோருக்கும் இந்த மெயில் வேலை செய்யாது. இணையத்தில் 'பீட்' வாங்கி அதன்மேல் பாடுபவர்கள் கவனிக்க வேண்டும். அதே பீட்டைப் பல பேருக்கு விற்கும் லைசென்ஸ் என்றால், இன்னொருவர் பாட்டிலும் அதே இசை கேட்பது திருட்டு ஆகாது. உங்கள் குரலையோ வரிகளையோ மெட்டையோ எடுத்திருந்தால்தான் புகார் நிற்கும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நஷ்டஈடு கேட்டு எதிராளி வழக்குப் போட முடியும்.

எதிராளி மறுப்பு நோட்டீஸ் தருவதற்கும் வழி உண்டு. அந்த அமெரிக்கச் சட்டப்படி மறுப்பு வந்துவிட்டால், புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாள்களில் பாட்டைத் திரும்ப ஏற்றிவிடலாம். விநியோகஸ்தர் நீதிபதி இல்லை. யாருடைய பாட்டு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

நல்லவேளையாக, இங்கே எதிராளி மூச்சே விடவில்லை. இரண்டாவது மெயில் போன நான்காம் நாள், 'நீக்கக் கோரி தளங்களுக்கு அனுப்பிவிட்டோம்' என்று பதில் வந்தது. ஒவ்வொரு தளமாக இறங்கி முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. இன்ஸ்டாகிராம்தான் கடைசி. யூடியூப் க்ளெய்முக்கு இவர் தனியாகவும் 'டிஸ்ப்யூட்' போட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பாட்டு இறங்கிய கையோடு க்ளெய்மும் விடுவிக்கப்பட்டது. ராயல்டி பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

இப்போது தன் பாட்டை அவரே ஒரு விநியோகஸ்தர் மூலம் முறைப்படி வெளியிடுகிறார். எழுதியவர் என்ற இடத்தில் தோழியின் பெயரும் இருக்கிறது. "குக்கர் விசிலை எடிட் பண்ணிடலாமான்னு அவ கேட்டா. வேணாம்டி, இருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்று சிரிக்கிறார்.